மஞ்சள் மூடிதான் என்று நம்பி…

அப்பாவுக்கு கிளாக்கோமா, அம்மாவுக்குக் கண் உலர்ச்சி. இருவர் சொட்டு மருந்துக்கும் மஞ்சள் மூடி. பத்து நாளாக அம்மா தினம் நாலு வேளை தன் மருந்து என்று நினைத்து அப்பாவுடையதைப் போட்டிருக்கிறார். ஆஸ்துமா உள்ளவர், இப்போது இளைப்பு அதிகம். கண்ணில் விட்ட மருந்து மூச்சைப் பாதிக்குமா? அப்பாவின் பாட்டிலில் டிமோலால் 0.5% என்று இருக்கிறது.
– வாசகி, மாதுங்கா

பாதிக்கும். அந்த மருந்தை அம்மா இனி ஒரு சொட்டுகூடப் போடக் கூடாது. இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், பாட்டிலையும் எடுத்துப் போங்கள். பேசவே மூச்சு வாங்கினால் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு.

கண்ணில் விட்ட சொட்டு கண்ணிலேயே நிற்பதில்லை. கண்ணின் உள்மூலையில் இருக்கும் சின்னத் துளை வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் முதலில் கொஞ்சத்தை அழித்துவிடும். இந்த வழியில் அந்தத் தடுப்பு இல்லை. டிமோலால், பீட்டா பிளாக்கர் வகை. கண் அழுத்தத்தைக் குறைக்கும் அதே மருந்து, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடித் துடிப்பையும் குறைக்கும். அதனால்தான் ஆஸ்துமாக்காரர்களுக்கு டாக்டர்கள் இதை எழுதுவதில்லை.

இரண்டு மூடியும் மஞ்சளாக இருந்தது எப்படி? அப்பாவுடையது ஒரு வழக்கத்தின்படி மஞ்சள், பீட்டா பிளாக்கருக்கு அந்த நிறம் உண்டு. அம்மாவுடையது செயற்கைக் கண்ணீர். அதற்கென்று நிறமே ஒதுக்கப்படவில்லை, கம்பெனி தன் விருப்பத்துக்கு மஞ்சள் போட்டிருக்கிறது. அம்மா மேல் கோபப்படாதீர்கள். வயதான கண்ணுக்கு அந்தக் குட்டி எழுத்து தெரியாது, மூடிதான் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். 5 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய நூறு, நூற்றிருபது சொட்டு இருக்கும். அப்பா இரண்டு கண்ணுக்கும் இரு வேளை போட்டால் நாளுக்கு நாலு சொட்டு, ஒரு மாதம் வரும். அம்மாவின் எட்டும் சேர்ந்தால் நாளுக்குப் பன்னிரண்டு, பத்தே நாளில் காலி. ஒரு பாட்டில் கணக்குக்கு முன்னாலேயே தீர்ந்தால், வீட்டில் வேறு யாரோ அதைப் போடுகிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

*

எந்த நிற மூடிக்கு எந்த மருந்து என்று முழுப் பட்டியல் போடுங்களேன். ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்துக்கொள்கிறேன்.
– வாசகர், செம்பூர்

ஃபிரிட்ஜில் ஒட்ட ஒன்றும் தர மாட்டேன். ஆனால் விஷயத்தைச் சொல்கிறேன், இது என் நெடுநாள் ஆதங்கம்.

நோயாளிகள் மருந்தை மாற்றிப் போட்டு அவதிப்படுவதைப் பார்த்து, அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 1980களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. கிருமியைக் கொல்வதற்குப் பழுப்பு, ஸ்டீராய்டுக்கு இளஞ்சிவப்பு, கண்மணியை விரிப்பதற்குச் சிவப்பு, பீட்டா பிளாக்கருக்கு மஞ்சள் என்று போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிறம் சொல்வது மருந்தின் வகையை மட்டும். ஒரே வகையில் எத்தனையோ மருந்துகள், எத்தனையோ அளவுகள். அதோடு அது அமெரிக்காவில் கம்பெனிகள் தாமாக ஏற்றுக்கொண்ட வழக்கம், நம் நாட்டில் மூடிக்கு இந்த நிறம்தான் என்று கட்டாயம் இல்லை. இங்கே சில கம்பெனிகள் அதைப் பின்பற்றுகின்றன, சில எல்லாவற்றுக்கும் வெள்ளை போடுகின்றன. கடைக்காரர் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் நிறமும் மாறிவிடும். பாதி நேரம் சரியாக இருக்கும் அடையாளத்தை நம்புவது, அடையாளமே இல்லாததைவிட ஆபத்து.

பார்ப்பவரின் கண்ணையும் யோசியுங்கள். கண்புரையில் விழிலென்ஸ் மஞ்சளித்துப்போனவருக்கு நீலமும் பச்சையும் குழம்பும். மூடியை நம்பி மருந்து போடுபவர்களில் பெரும்பாலோர் கண் நோயாளிகள்தானே.

நானே ஏமாந்தேன். மூன்று வருடத்துக்கு முன் கண் சிவந்தபோது டாக்டர் மாக்ஸிஃப்ளாக்ஸசின் எழுதினார், ஒரு வாரத்தில் சரியானது. சில மாதம் கழித்துத் திரும்பச் சிவந்தது. தாதரில் ஒரு கெமிஸ்டிடம் பழைய பாட்டிலைக் காட்டி, இதே மூடி உள்ளது கொடுங்கள் என்றேன். அதே மூடி, அதே பிராண்டு பெயர். பெயருக்குப் பின்னால் ஒரு 'டி' சேர்ந்திருந்ததை நானும் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த 'டி' டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது. அதனாலேயே கண் உறுத்தும்போதெல்லாம் போட்டுக்கொண்டு ஐந்து வாரம் ஓட்டினேன். பிறகு கண்ணாடி மாற்றப் போனபோது கண் அழுத்தம் 28. சாதாரணமாக 21க்குள் இருக்க வேண்டும். நிறுத்திய பிறகு இறங்கச் சில வாரம் ஆயிற்று. இறங்காமல் போயிருந்தால் கண் நரம்பு கெட்டிருக்கும், அது திரும்ப வராது. ஸ்டீராய்டு சிவப்பை மறைக்கும், அடியில் ஹெர்ப்பீஸோ பூஞ்சையோ இருந்தால் அதை வளர்த்தும் விடும். மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது. எனக்குக் கொடுத்தார், நானும் வாங்கினேன்.

*

என் பையனுக்குக் கண் பரிசோதனைக்காக எழுதிய சிவப்பு மூடி மருந்து மீதி இருக்கிறது. எனக்குக் கண் சிவந்திருக்கிறது. போடலாமா?
– வாசகர், தாராவி

கூடாது. பெரும்பாலும் அது கண்மணியை விரிக்கும் மருந்து. அட்ரோபின் என்றால் ஒரு வாரம், பத்து நாள் வரை கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது. கண்ணின் வடிகால் கோணம் குறுகலாக இருப்பவருக்கு அழுத்தம் திடீரென்று ஏறிப் பார்வையே போகலாம். லேபிளைப் படிக்காமல் இன்னொருவர் மருந்தை எடுக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

*

கணவருக்குக் கண்புரை ஆபரேஷன். மூன்று சொட்டு மருந்தையும் மூடி நிறத்தை வைத்து ஞாபகம் வைத்திருந்தேன். இரண்டாம் முறை வாங்கியபோது மூன்றும் வெள்ளை மூடி. போலி மருந்தா?
– வாசகி, முலுண்ட்

மூடி வெள்ளையானதாலேயே போலி ஆகாது, கம்பெனி மாறியிருக்கும். பிராண்டு பெயரை விட்டுவிட்டு, லேபிளில் உள்ள மருந்தின் பொதுப் பெயரையும் சதவீதத்தையும் மருந்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள். பிரெட்னிசோலோன் 1% என்று எழுதியிருந்தால் பாட்டிலிலும் அதே பெயரும் 1%-மும் இருக்க வேண்டும். சீட்டில் பிராண்டு மட்டும் இருந்தால் பழைய பெட்டியைப் பாருங்கள். அதையும் எறிந்துவிட்டீர்கள் என்றால் ஆபரேஷன் செய்த இடத்துக்கு போன் செய்து கேட்காமல் போடாதீர்கள்.

பொருந்தினால், ஒவ்வொரு பாட்டிலின் உடம்பிலும் பிளாஸ்டர் ஒட்டி, தடித்த பேனாவால் 1, 2, 3 என்றும் எத்தனை வேளை என்றும் திறந்த தேதியையும் எழுதுங்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் மறையக் கூடாது. மூடியில் எழுதாதீர்கள், மூடி இடம் மாறும். திறந்து ஒரு மாதம் ஆனால், மீதி இருந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

*

இரண்டு பாட்டில் மூடிகளும் கழன்று விழுந்து, எது எதற்கு என்று தெரியவில்லை. கழுவி மாட்டலாமா?
– வாசகி, சயான்

வேண்டாம், இரண்டையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

*

சீட்டில் ஒன்று இருக்க, கெமிஸ்ட் வேறு சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டார். திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார். 'மூடியைப் பார்த்து நீங்கள்தான் சரி என்றீர்கள்' என்கிறார்.
– வாசகர், செம்பூர்

சீட்டைப் படித்துக் கொடுப்பது அவர் வேலை, மூடியைப் பார்த்து ஒப்புக்கொண்டது உங்கள் குற்றமாகாது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. சீட்டு, பில், பாட்டிலின் பேட்ச் எண் மூன்றையும் படம் எடுத்து, பணத்தைக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். பில் வாங்கவில்லை என்றால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். அந்த மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டாவது விட்டிருந்தால், புகாருக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள்.