வெங்காயப் பாத்தியில் நிற்கும் தண்ணீரும் படத்தில் வந்த வட்டங்களும்

"ஐயா, கோப்பாயில் எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம். மாரி மழைக்கு வெங்காயப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது. சேர்வேயர் RTK என்ற ஜி.பி.எஸ் கருவியால் 60 இடத்தில் உயரம் எடுத்தார். மருமகன் அதை QGIS என்ற வரைபட மென்பொருளில் போட்டு 10 சென்ரிமீற்றருக்கு ஒரு சமவுயரக் கோடு கீறினார். புள்ளிகளைச் சுற்றி வட்டம் வட்டமாக வருகிறது. ட்ரோன் விட்டால் சரியாகும் என்று ஒரு கம்பனிக்காரர் சொல்கிறார். விடலாமா? தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் வெட்டி விடவும் யோசிக்கிறேன்."

தம்பி, ட்ரோனுக்குக் காசு கட்டாதேங்கோ. மேலிருந்து எடுக்கும் படத்தில் வெங்காயத் தாளும் புல்லும் நிற்கும் இடத்தில் அவற்றின் உயரம்தான் வரும், மண்ணின் உயரம் வராது. ஒரு சாண் சரிவைத் தேடுகிறவருக்கு இதைச் சொல்லாமல் விற்கிற ஆட்களை நான் நம்புவதில்லை.

வட்டம் வந்தால் மருமகன் அநேகமாக IDW Interpolation போட்டிருப்பார். அது ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு மேடோ பள்ளமோ உண்டாக்கும். TIN Interpolation போடச் சொல்லுங்கோ. அது பக்கத்துப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கும், வட்டம் போய்விடும்.

ஆனால் பெரிய பிழை வரம்பில் இருக்கும். ஒரு கணக்குப் பாருங்கோ. வரம்பின் தலை 5.62 மீற்றர், அடி 5.30, ஐந்து மீற்றர் உள்ளே 5.28. அடியில் புள்ளி எடுக்காவிட்டால், முக்கோணம் தலையிலிருந்து நேரே உள்ளே இறங்கும். இரண்டு சென்ரிமீற்றர் சரிவுள்ள நிலம் படத்தில் 34 சென்ரிமீற்றர் சரிவாக நிற்கும். அதை நம்பி வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் ஓடாது. அதனால் சதுரம் சதுரமாகப் புள்ளி எடுப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வரம்பின் தலை, இரண்டு பக்க அடி, வாய்க்காலின் அடி, கரை என்று சரிவு மாறும் இடமெல்லாம் தொடர்ந்து எடுக்கவேணும். அவற்றைக் கோடுகளாகக் கீறி Break lines என்று TIN-இல் சேர்க்கவேணும். கோட்டில் வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் Z உயரம் இருக்கவேணும். இல்லாவிட்டால் கோடு சேர்த்தும் பயனில்லை.

அடுத்தது கோட்டின் இடைவெளி. உள்நிலம் 5.34-இலிருந்து 5.19 வரை சரிகிறது என்று வையுங்கோ. 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு என்றால் 5.30, 5.20 என்று இரண்டே வரும். ஐந்துக்கு ஒன்று போட்டால் 5.30, 5.25, 5.20 என்று மூன்று வரும், ஆனால் RTK உயரத்திலேயே இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் முன்பின் இருக்கும், கோடு நெளியும். உயரத்தை லெவல் மெசினும் ஸ்டாஃப் என்ற அளவுகோலும் வைத்துத் திருப்பி எடுப்பியுங்கோ. வெங்காயம் கிண்டின பிறகு, கொத்த முதல் எடுக்கிறது நல்லது. ஸ்டாஃபை மண்கட்டியின் மேல் வைத்தால் மெசினின் நுட்பமெல்லாம் வீண்.

கீறின படத்தை மழைநாளில் சோதியுங்கோ. மழை விட்டதும் தண்ணீர் நிற்கும் ஓரமெல்லாம் தடி குத்துங்கோ. அசையாமல் நிற்கும் ஒரே குளத்தின் ஓரம் முழுக்க ஒரே உயரம். அந்தத் தடிகள் ஒரே கோட்டை ஒட்டி வராவிட்டால் எங்கேயோ ஒரு வரம்பு விடுபட்டிருக்கும்.

கிணற்றுப் பக்கம் வெட்டவே வேண்டாம். யூரியா கரைந்த தண்ணீர் சுண்ணக்கல் வெடிப்புகளால் கிணற்றுக்குள் இறங்கிவிடும். கோடுகள் இறங்கும் மற்ற மூலையைப் பார்த்து, தெரு மதகோ வெள்ள வாய்க்காலோ இருக்கும் பக்கம் விடுங்கோ. மதகின் அடி உயரத்தையும் அதே லெவலில் எடுத்து வையுங்கோ. அது பாத்தியை விட உயரம் என்றால் வாய்க்கால் வெட்டிப் பயனில்லை, பாத்தியைத்தான் உயர்த்தவேணும்.