ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு: தவக்கால வீடியோ எடுப்பவர்களுக்கு

கேள்வி: எங்கள் பங்கில் திருமுழுக்குக்குத் தயாராகும் புதியவர்களுக்காகத் தவக்கால ஒழுங்குகளையும் நோக்கத்தையும் சொல்லும் சின்ன வீடியோ ஒன்று செய்ய வேண்டும். தவறில்லாமல், யார் மனமும் புண்படாமல் எப்படிச் செய்வது?

நீங்கள் மறைக்கல்வி ஆசிரியராகவோ பங்கு இளைஞர் குழுவிலோ இருப்பீர்கள், கையில் ஒரு கைபேசியும் இரண்டு வாரமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சொல்வது இலத்தீன் முறைக் கத்தோலிக்கப் பங்குகளுக்கு. சீரோ மலபார் முறையில் நோன்பு திங்கட்கிழமையே தொடங்கிவிடும், ஒழுங்குகளும் வேறு. சீர்திருத்த சபைகளின் லெந்து நாட்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வீடியோவின் முதல் வரியிலேயே எந்தச் சபை, எந்த முறை என்று சொல்லிவிடுங்கள். பின்னூட்டத்தில் வரும் சண்டைகளில் பாதி இந்த ஒரு வரி இல்லாததால் வருபவை.

தவக்கால வீடியோக்களில் நான் காணும் பெரிய பிழை ஒன்றுதான். திருச்சபைச் சட்டம், ஊர் வழக்கம், ஒருவர் தாமாக எடுத்துக்கொள்ளும் ஒறுத்தல் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்து ‘தவக்காலத்தில் இதெல்லாம் செய்யக் கூடாது’ என்று பட்டியல் போடுகிறார்கள். நாற்பது நாளும் கவிச்சி தொடாத வீடுகள் நம்மிடம் ஏராளம். அது நல்ல வழக்கம், ஆனால் சட்டம் அல்ல. புதிதாக வருபவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பாவம் செய்துவிட்டதாகக் கலங்குவார். ‘சட்டத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்களே, மனமாற்றம்தானே முக்கியம்’ என்று சிலர் கேட்கலாம். மனமாற்றம்தான் முக்கியம். அதனால்தான், இல்லாத சட்டத்தை ஒருவர் தலையில் ஏற்றக் கூடாது என்கிறேன்.

சட்டம் சொல்வது மிகக் கொஞ்சம். அதை நம் இரண்டு பழைய சொற்களாலேயே சொல்லிவிடலாம். ஒருசந்தி என்றால் ஒரு நாளில் ஒரு முழு உணவு. அதோடு சிறு அளவில் இரண்டு வேளை உண்ணலாம், அவை இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டின் அளவை எட்டக் கூடாது. இடையில் நொறுக்குத்தீனி இல்லை. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. இப்படி ஒருசந்தி இருக்கக் கடமைப்பட்ட நாட்கள் தவக்காலம் முழுவதற்கும் இரண்டே: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. சுத்தபோசனம் என்றால் இறைச்சி உண்ணாமை. அது அந்த இரண்டு நாளுக்கும் தவக்கால வெள்ளிக்கிழமைகளுக்கும் உரியது. மீன், முட்டை, பால், நெய் எதற்கும் தடை கிடையாது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் வெளியிட்ட ஒழுங்குமுறையே முட்டைக்கும் பாலுக்கும் தடையில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆயர் பேரவை தன் நாட்டுக்கு ஏற்ப இவற்றைச் சற்று மாற்றி அமைக்கலாம் என்பதால், உங்கள் மறைமாவட்டச் சுற்றறிக்கையையும் பங்குத்தந்தையையும் கேட்டுவிட்டே எழுத்துருவை முடியுங்கள்.

இந்தச் சொற்களில் ஒரு சிக்கல் உண்டு. ‘சுத்தபோசனம்’ என்று கேட்டதும், வேறு விரத மரபிலிருந்து வருபவர் இறைச்சியை அசுத்தம் என்றும் தீட்டு என்றும் புரிந்துகொள்வார். அந்தப் பொருள் இங்கே இல்லை. இறைச்சி விருந்தின் அடையாளம். கிறிஸ்து இறந்த வெள்ளிக்கிழமையை நினைத்து அந்த விருந்தை விட்டுக்கொடுக்கிறோம். இதை வீடியோவில் ஒரு வரியாகச் சொல்லியே ஆக வேண்டும். அதேபோல, பெண்கள் பலர் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் நோன்பிருக்கவோ, கோவிலுக்கு வரவோ, திருநீறு பூசிக்கொள்ளவோ எந்தத் தடையும் இல்லை. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். பேசுபவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

வயது விஷயத்தில் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு, அதற்கு மேல்வரம்பு இல்லை. ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும் வரை. சட்டத்தில் ‘அறுபதாம் ஆண்டு தொடங்கும் வரை’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ‘60 வயது வரை’ என்று போட்டுவிடுகிறார்கள். அறுபதாம் ஆண்டு தொடங்குவது 59 நிறைந்த பிறகுதானே. ஓராண்டு பிசகிவிடுகிறது. நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் இந்தக் கடமை கட்டாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். தனிச் சலுகை போல வேறு குரலில் சொன்னால் அவர்களுக்குக் குற்ற உணர்வு வந்துவிடும்.

எண்களை அடுக்குவதைவிட ஒரு வீட்டைக் காட்டுங்கள். 16 வயது மகன், 43 வயது அம்மா, 67 வயது பாட்டி, மூவரும் திருநீற்றுப் புதனன்று. அம்மாவுக்கு இரண்டு கடமையும் உண்டு. காலையில் ஒரு இட்லி, மதியம் சாம்பார், பொரியலோடு வயிறாரச் சோறு, இரவு அரை டம்ளர் கஞ்சி என்று இருந்தால் ஒருசந்தி நிறைவேறிவிட்டது. மகன் வழக்கம்போல மூன்று வேளையும் சாப்பிடலாம், இறைச்சி மட்டும் இல்லை. பாட்டிக்கும் அதேதான், அவர் ஒருசந்தி வயதைக் கடந்துவிட்டார். ‘நானும் ஒருசந்தி இருக்கிறேன்’ என்று பாட்டி சொன்னால் அது அவர் விருப்பம், உடம்பு இடம் கொடுத்தால் இருக்கட்டும். அடுத்து வரும் வெள்ளிக்கிழமை மூவருக்கும் ஒரே ஒழுங்கு: இறைச்சி இல்லை, அளவுக்குக் கட்டுப்பாடும் இல்லை. மூன்று தட்டுகளை மேலிருந்து படம் பிடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வயதைப் போட்டால் இவ்வளவும் 25 நொடியில் புரிந்துவிடும்.

நாட்கணக்கையும் செய்து காட்ட வேண்டும், ஏனென்றால் காலண்டரை எண்ணுபவருக்கு 40 வராது. 2027-ஐ எடுத்துக்கொள்வோம். திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. பிப்ரவரி 10 முதல் மார்ச் 27 முடிய 46 நாள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அதில் நோன்பு இல்லை. வழிபாட்டு ஒழுங்கின்படி தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன் முடிகிறது என்று யாராவது திருத்த வருவார்கள். அதுவும் சரிதான், ஆனால் புதியவர்களுக்கு அந்த இரண்டாவது கணக்கு வேண்டாம். அதே 2027-இல் இன்னொன்றும் கவனியுங்கள். மார்ச் 19 வெள்ளிக்கிழமை வருகிறது. அன்று புனித சூசையப்பர் பெருவிழா. பெருவிழா வெள்ளியில் விழுந்தால் சுத்தபோசனக் கடமை இல்லை. ‘எல்லா வெள்ளியும்’ என்று வீடியோவில் அடித்துச் சொல்லிவிட்டால் அன்றைக்குப் பங்கில் குழப்பம்தான்.

இப்போது நோக்கம். இரண்டு நிமிட வீடியோவில் இதற்கு 40 நொடி ஒதுக்குங்கள், அதுவும் ஒழுங்குகளுக்கு முன்னால். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல்தான் போகும். ஆக மொத்த எழுத்துரு 200 சொல்லைத் தாண்டக் கூடாது. பின்வருவது போல எழுதலாம்:

“இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார். அதை நினைத்து, அவருடைய உயிர்ப்புப் பெருவிழாவுக்கு நாங்கள் நாற்பது நாள் தயாராகிறோம். திருமுழுக்குப் பெறப் போகிறவர்கள் அதற்காகத் தயாராகும் காலம் இது. ஏற்கெனவே பெற்றவர்கள் அதை நினைத்து மனம் திரும்பும் காலமும் இதுவே. செபம், நோன்பு, ஈகை மூன்றும் சேர்ந்து நடக்கும். தட்டில் குறைவது பசித்தவர் கைக்குப் போக வேண்டும்.”

‘திருமுழுக்குப் பெறப் போகிறவர்கள்’ என்ற வரியை இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். தவக்காலத்துக்குத் திருமுழுக்கு, மனந்திரும்புதல் என்ற இரண்டு முகமும் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் வீடியோவைப் பார்க்கப் போகிறவர்களே பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்குப் பெறப் போகிறவர்கள். அவர்களை ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்கள்போல நடத்தும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. இந்தக் காலமே அவர்களுக்கானது. ‘தட்டில் குறைவது’ என்ற கடைசி வாக்கியத்துக்கு ஆதாரம் கேட்டால் எசாயா 58-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். பசித்தோருடன் உணவைப் பகிர்வதே நான் விரும்பும் நோன்பு என்று ஆண்டவர் சொல்லும் அந்தப் பகுதி, திருநீற்றுப் புதனுக்குப் பின்வரும் வெள்ளியன்று திருப்பலியிலேயே வாசிக்கப்படுகிறது.

மரியாதை என்பது பெரும்பாலும் காட்சியிலும் ஒலியிலும்தான் கெடுகிறது. பின்னணி இசைக்கு அல்லேலூயா பாட்டு எதையும் போடாதீர்கள். தவக்காலம் முழுவதும் வழிபாட்டில் அந்தச் சொல்லையே பாடுவதில்லை, விவரம் தெரிந்தவர் முதல் நொடியிலேயே வீடியோவை நம்ப மாட்டார். திருநீறு பூசுவதைக் காட்ட, திருப்பலி நடுவே மக்கள் நெற்றிக்கு நேராகக் கைபேசியை நீட்ட வேண்டாம். போன ஆண்டு குருத்து ஞாயிற்றின் காய்ந்த ஓலை எரிந்து சாம்பலாவதை முந்தைய நாளே கிட்டத்தில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், அதுதான் திருநீறு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லும். பிற சமய நோன்புகளோடு ஒப்பிட்டு ‘அவர்களைப் போல் அல்ல’ என்றோ ‘அதைவிட எளிது’ என்றோ ஒரு சொல்லும் வேண்டாம். புதியவரின் அம்மா இன்னும் அந்த நோன்பை இருந்துகொண்டிருப்பார்.

வெளியிடும் முன், தவக்காலம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்கு ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘இந்த வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிடலாமா?’, ‘திங்கட்கிழமை கோழி?’ இரண்டுக்கும் தயங்காமல் ‘சாப்பிடலாம்’ என்றால் வெளியிடலாம். முதல் கேள்விக்குத் தடுமாறினால் சுத்தபோசன வரி தெளிவாக இல்லை. இரண்டாவதற்குத் தடுமாறினால் வழக்கம் எங்கோ சட்டமாகக் கலந்துவிட்டது, அந்த இடத்தை மட்டும் திரும்பப் பதிவு செய்யுங்கள். தேதிகளைக் குரலில் சொல்லாமல் தனி அட்டையாகக் கடைசியில் வையுங்கள், அடுத்த ஆண்டு அந்த அட்டையை மட்டும் மாற்றினால் போதும்.