கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்த்தால் நரை கறுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 24. இரண்டு வருடமாக நெற்றியோரம் நரைக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்து படுத்திருந்தேன், இப்போது சீப்பு வைத்தால் முடி கொத்தாக வருகிறது. பால், முட்டை, இறைச்சி எதுவும் சாப்பிடுவதில்லை. கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சித் தேய்த்தால் நரை கறுத்து முடி வளரும் என்கிறார்கள். உண்மையா? எப்படிக் காய்ச்சுவது?

பதில்: நரையும் உதிர்வும் உங்களுக்கு ஒரே சமயத்தில் தெரிந்தாலும் இரண்டும் ஒரே பிரச்சினை இல்லை. அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் நரை. முடிக்கு நிறம் கொடுப்பவை வேர்ப்பையில் உள்ள நிறமிச் செல்கள். முடி முளைக்கும்போதே அவை நிறமியை உள்ளே ஏற்றிவிடுகின்றன. தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது, அதற்குப் பிறகு அதன் நிறத்தை உடல் மாற்ற முடியாது. அந்தச் செல்களைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் தீர்ந்துபோனாலோ முடங்கிப்போனாலோ முடி வெள்ளையாக முளைக்கிறது. கரிசலாங்கண்ணி எண்ணெயைத் தலையில் தேய்ப்பதால் மனிதர்களின் நரை மீண்டும் கறுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆய்வுச் சான்று கிடையாது.

இதை நீங்களே சோதிக்கலாம். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். எண்ணெய் உண்மையிலேயே நிறமியைத் திரும்பக் கொண்டுவந்தால், ஆறு மாதம் கழித்து ஒரு நரைமுடியின் வேர்ப்பக்கம் 6 செ.மீ. கறுப்பாகவும் நுனி வெள்ளையாகவும் இருக்க வேண்டும். முடி முழுவதும் ஒரேயடியாகப் பழுப்பானால் அது வெளியே ஒட்டிய கறை. எண்ணெய் தேய்த்த அன்று நரை குறைந்தாற்போல் தெரிவது, எண்ணெய் பூசிய முடியில் ஒளி சிதறுவது குறைவதால்தான். அலசினால் பழைய நிலைதான். ஆயத்தமாக விற்கும் எண்ணெயோ பொடியோ ஓரிரு தடவையில் நரையைக் கறுப்பாக்கினால், அதில் சாயம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். முடிச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற பொருள் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும்.

அடுத்து முடி வளர்ச்சி. இங்கே கொஞ்சம் ஆய்வு இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் எலிகளில். கரிசலாங்கண்ணிச் சாரத்தை முதுகுமுடி மழித்த எலிகளுக்குப் பூசியபோது, ஓய்வில் இருந்த வேர்ப்பைகள் சீக்கிரமாக வளர்ச்சிப் பருவத்துக்கு வந்தன. நல்ல செய்திதான். ஆனால் எலியின் முதுகில் ஒரு பகுதி முடி முழுவதும் ஒரே பருவத்தில் இருக்கும். மனிதத் தலையில் ஒவ்வொரு வேர்ப்பையும் தன் போக்கில் ஓடுகிறது, ஒரு முடி பல வருடம் வளரும். அதனால் எலிக்கு முன்கூட்டியே முடி முளைத்தது என்பதிலிருந்து நமக்கு அடர்த்தி கூடும் என்று சொல்ல முடியாது. அந்தச் சாரங்களை வேதிக் கரைப்பானில் எடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். வீட்டில் எண்ணெயில் இறங்குவது அதே பொருள்கள், அதே அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் உதிர்வுக்கு வருவோம். கடும் காய்ச்சலின்போது ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுப் பருவத்துக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அவை மொத்தமாக உதிரும். உங்கள் கணக்கும் அப்படியே பொருந்துகிறது. உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்த முடி, இல்லையென்றால் நடுவில் முறிந்தது. காய்ச்சலால் வரும் உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். இப்போது எண்ணெய் தேய்க்கத் தொடங்கினால், அது நிற்கும் நேரத்தில் பெயர் எண்ணெய்க்குப் போய்விடும். இந்த எண்ணெய்க்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் தேய்க்கவே கூடாதா? தாராளமாகத் தேய்க்கலாம். எண்ணெய் முடியை வழுவழுப்பாக்கும், சிக்கையும் முறிவையும் குறைக்கும். அந்த அளவில் எதிர்பார்த்தால் ஏமாற்றம் இராது.

காய்ச்சுவதற்கு வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணியை எடுங்கள். மஞ்சள் பூ பூப்பது வேறு செடி. பறித்த தண்டைக் கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கருக்க வேண்டும். சாக்கடை ஓரத்தில் முளைத்தது வேண்டாம். இலையை நன்றாகக் கழுவி, நீர் வடிந்து ஈரம் உலர்ந்தபின் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்துப் பிழியுங்கள். பழைய முறையில் எண்ணெயைப் போல் நான்கு மடங்கு சாறு சேர்ப்பார்கள். வீட்டில் 250 மி.லி. நல்லெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ 500 மி.லி. சாறு போதும், கூடவே அரைத்த விழுது 30 கிராம். மூன்றையும் அடி கனமான பாத்திரத்தில் சூடேறுவதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். காய்ந்த எண்ணெயில் சாறு ஊற்றினால் தெறித்துக் கை வெந்துவிடும்.

சிறுதீயில் விடாமல் கிளறுங்கள். சாற்றில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், கொதிக்கும் ஓசையும் கேட்கும். தண்ணீர் வற்றியதும் சூடு விறுவிறுவென்று ஏறும், விழுது கருகுவதும் அப்போதுதான். ஓசை அடங்கும்போது கொஞ்சம் வண்டலை எடுத்து ஆறவைத்து விரலால் உருட்டுங்கள். திரி போல உருண்டால் பதம் சரி, இதை மெழுகு பதம் என்பார்கள். அந்தத் திரியைத் தீயில் காட்டினால் சடசடவென்று பொரியக் கூடாது. பொரிந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. மணல் போல நறநறத்துத் தீய்ந்த வாசனை வந்தால் காய்ச்சல் மிஞ்சிவிட்டது. பதம் வந்ததும் இறக்கி, வெதுவெதுப்பாக வடிகட்டி, நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். ஈரம் தங்கிய எண்ணெய்தான் சீக்கிரம் கெடும். புளித்த வாடை வந்தாலோ அடியில் நீர் பிரிந்தாலோ தலையில் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

முதல்முறை முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் வாரம் ஒருமுறை, இரண்டுமுறை தேய்த்து, ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள். பொடுகு இருந்தால் எண்ணெயை இரவு முழுக்க விட வேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொன்று: பால், முட்டை, இறைச்சி மூன்றும் இல்லை, நரையோ 22 வயதில் தொடக்கம். 25 வயதுக்கு முன் வரும் நரையை இளநரை என்றே எடுத்துக்கொள்கிறோம். பலருக்குப் பரம்பரைதான் காரணம். ஆனால் பால், முட்டை, இறைச்சியில் கிடைக்கும் பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு இரண்டையும் பார்க்காமல் விடக் கூடாது. பி12 குறைவால் வந்த நரை, குறையைச் சரிசெய்தபின் ஓரளவு கறுத்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது. இரத்தத்தில் பி12, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிடின் ஆகியவற்றைப் பாருங்கள். பி12 மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே இரத்தம் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உண்மையான அளவு தெரியாமல் போகும். கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், நாக்கு எரிச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பி12 குறைவு நீடித்தால் நரம்புக்கு வரும் பாதிப்பு சில சமயம் முழுதாகத் திரும்பாது.