கலந்துரையாடலைச் சுருக்கும்போது: யார் சொன்னது, எந்த நிபந்தனையோடு?

சாட்ஸ்வொர்த்திலிருந்து: டர்பனில் நம் சங்கம் நடத்திய ‘பிள்ளைகளுக்குத் தமிழ்’ கலந்துரையாடலின் ஒன்றரை மணி நேரப் பதிவைச் சுருக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பெயர் வேண்டாம், யார் என்ன பொறுப்பில் பேசினார் என்று மட்டும் எழுதச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

முதல் தடவை கேட்கும்போது சுருக்கம் எழுதவே வேண்டாம். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பகுதியை மட்டும் இரண்டு மூன்று முறை கேட்டு, குரலையும் பொறுப்பையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: பள்ளி ஆசிரியை, கோயில் நிர்வாகி, மொழி ஆய்வாளர், தாய். பிறகு நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையில் குறிப்பெடுங்கள்: நிமிடம், பேசியவர், அவர் நிலைப்பாடு, அதற்கு அவர் சொன்ன காரணமோ நிபந்தனையோ. நான்காவது பத்திதான் உயிர். ஆசிரியை 41ஆவது நிமிடத்தில், “பாட அட்டவணையில் தமிழ் வரட்டும், ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் மட்டுமே” என்கிறார். அந்த ‘மட்டுமே’ விடுபட்டால் அவர் ஆதரவாளராகிவிடுவார். சம்பளம் இல்லாத திட்டத்தை அவர் ஏற்கவில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இரண்டு பெண் குரல்கள் குழம்பினால் ஊகிக்காதீர்கள். அறிமுகப் பகுதியோடு ஒப்பிட்டும் தெளியாவிட்டால் ‘பங்கேற்ற ஒருவர்’ என்றே எழுதுங்கள்.

டோங்காட்டிலிருந்து: ஆய்வாளரும் தாயும் ‘எழுத்தைப் பிறகு பார்க்கலாம்’ என்றுதானே சொன்னார்கள்? சேர்த்து ஒரே வரியில் எழுதினால் இடம் மிச்சமாகுமே.

சொன்ன வாசகம் ஒன்றுதான், அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் பதிவை இன்னும் சில நிமிடங்கள் ஓட விடுங்கள். பேச்சு பழகிய பிறகு எழுத்தைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்கிறார் ஆய்வாளர். தாயோ, தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துத்தான் பிள்ளைகள் பாடுகிறார்கள், அதுவே போதும் என்கிறார். ஒருவருக்கு ‘பிறகு’ என்பது அடுத்த கட்டம், மற்றவருக்கு அது தேவையே இல்லை என்பதன் மரியாதையான வடிவம்.

‘ஆய்வாளரும் தாயும் எழுத்தைத் தள்ளிவைக்கலாம் என்றனர்’ என்று எழுதினால் வாசகர் ஏமாந்துபோவார். நான் இப்படி எழுதுவேன்: ‘முதலில் பேச்சு என்பதில் ஆய்வாளரும் தாயும் உடன்பட்டனர். பிறகு எழுத்தும் வர வேண்டும் என்றார் ஆய்வாளர். ஆங்கில எழுத்தே போதும் என்றார் தாய்.’ இரண்டு வரிதான் கூடியிருக்கிறது.

வெருலத்திலிருந்து: எழுத்தில்லாமல் மொழியா? அந்தத் தாய் சொன்னது தவறு. அதைச் சுருக்கத்தில் குறிப்பிட வேண்டாமா?

வேண்டாம். அந்த வாதத்தை அடுத்த கூட்டத்தில் எழுப்புங்கள், நானும் வருகிறேன். சுருக்கத்தில் அவர் கருத்து அவருடையதாகவே இருக்கட்டும். ‘ஒப்புக்கொண்டார்’, ‘மழுப்பினார்’ போன்ற வினைகளும் தீர்ப்புச் சொல்லிவிடும். ‘என்றார்’ போதும்.

லெனேசியாவிலிருந்து: எங்கள் ஊர்க் கூட்டத்தில் கோயில் நிர்வாகியே ஒரு மாணவியின் தந்தை. அவரை எந்தப் பொறுப்பில் குறிப்பிடுவது?

அவர் வாயாலேயே பிரித்துச் சொல்லியிருப்பார். ‘எங்கள் குழு’ என்று தொடங்கினால் நிர்வாகி, ‘என் மகள்’ என்று தொடங்கினால் தந்தை. ‘மாணவியின் தந்தை என்ற முறையில் கோயில் நிர்வாகி கூறியது’ என்று எழுதினால், வகுப்பைப் பற்றிய அவர் மனக்குறை கோயிலின் நிலைப்பாடாக மாறாது. எந்த அடையாளமும் கிடைக்காத இடத்தில் அறிமுகத்தில் சொன்ன பொறுப்பையே வையுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: தமிழ் தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழி என்று ஆசிரியை சொன்னார். தவறு என்பதால் நீக்கிவிட்டேன். சரிதானே?

தவறு என்பது சரி. ஆட்சிமொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. 1996 அரசியல் சாசனத்தின் 6ஆவது பிரிவு, சமூகங்களில் வழங்கும் மொழிகளாகக் குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது முதலியவற்றோடு தமிழையும் பெயர் சொல்லி, அவற்றை வளர்த்து மதிப்பை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனாலும் நீக்க வேண்டாம். பாட அட்டவணையில் இடம் கேட்கும் அவர் வாதமே அதன்மேல்தான் நிற்கிறது. அவர் வாயில் திருத்தத்தைத் திணிக்கவும் வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே எழுதி, கீழே ‘சுருக்கியவர் குறிப்பு’ என்று தனியாகப் போடுங்கள்.

பீனிக்ஸிலிருந்து: கடைசியில் நெறியாளர் ‘பள்ளியில் தமிழ் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டோம்’ என்றார். யாரும் மறுக்கவில்லை. அதையே முடிவாக எழுதலாமா?

நெறியாளரின் கூற்று என்று எழுதலாம், குழுவின் முடிவு என்று எழுதக்கூடாது. கோயிலில் வார இறுதி வகுப்பே போதும் என்று 52ஆவது நிமிடத்தில் நிர்வாகி சொல்லியிருக்கிறார், பிறகு அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கைதட்டலுக்கு நடுவே அவர் பேசாமல் இருந்தது சம்மதம் ஆகாது.

மீண்டும் பீனிக்ஸிலிருந்து: வாசகர்கள் முடிவைத்தானே தேடுவார்கள்? நால்வரும் நான்கு விதம் என்றால் யார் படிப்பார்கள்?

இதில் சங்கத்திலேயே கருத்து வேறுபாடு உண்டு. சுருக்கத்தின் தலையில் நெறியாளர் சொன்னதைப் போட வேண்டும் என்பார் சிலர். முதல் வரியில் எதில் உடன்பட்டார்கள், எதில் பிரிந்தார்கள் என்ற இரண்டையும் சேர்த்து வைப்பது என் வழக்கம்.