புள்ளியே இல்லாமல் புள்ளிக் கணக்கு: சென்சார் கேள்வி-பதில்

கேள்வி: அர்டுயினோ ஊனோவில் எல்எம்35 இணைத்திருக்கிறேன், 5 வோல்ட் ரெஃபரன்ஸ். ஃப்ளோட் வேண்டாம் என்று `int t = raw * 5000 / 1024;` எழுதினேன். அறையில் 30 டிகிரி இருக்கும்போது -2.2 காட்டுகிறது. சென்சார் போய்விட்டதா?

சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்புக்கு `int` என்றால் 16 பிட். 32767-க்கு மேல் தாங்காது. எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருகிறது. ஆக, 30 டிகிரிக்கு 300 மில்லிவோல்ட், ஏடிசியில் சுமார் 61. அதை 5000-ஆல் பெருக்கினால் 305000. அதன் கீழ் 16 பிட் மட்டும் தங்கி, குறியோடு சேர்த்துப் படித்தால் -22680 ஆகிறது. 1024-ஆல் வகுத்தால் -22. ஒரு மில்லிவோல்ட் பத்தில் ஒரு டிகிரி என்பதால் திரையில் -2.2.

5000/1024-ஐ 625/128 என்று சுருக்கி, `uint16_t` போட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் மேசையில் ஒழுங்காக ஓடும். 104 வரை, அதாவது 50.7 டிகிரி வரை, பெருக்குத்தொகை `uint16_t`-இன் எல்லையான 65535-க்குள் அடங்கும். 105 வந்ததும் 65625 ஆகி, வழிந்து 89-க்குப் போய், திரையில் 0.0 விழும். வெயிலில் வைத்த பெட்டியில்தான் இது தெரியவரும். பெருக்கும் இடத்திலேயே 32 பிட் வேண்டும்:

```c
uint16_t t = (raw * 625UL + 64) >> 7;
```

`(uint32_t)(raw * 625)` என்று வெளியே மாற்றுவதில் பயனில்லை; அதற்குள் வழிந்திருக்கும். அந்த 64 என்பது 128-இல் பாதி, முழுமையாக்குவதற்காக. 61-க்கு உண்மையான விடை 297.85, 64 இல்லாவிட்டால் 297, இருந்தால் 298. ஆனாலும் 5 வோல்ட் ரெஃபரன்ஸில் ஏடிசியின் ஒரு படியே கிட்டத்தட்ட அரை டிகிரி. புள்ளிக்குப் பின் வரும் அந்த இலக்கத்தை ரொம்ப நம்பாதீர்கள்.

கேள்வி: 18650 பேட்டரியின் வோல்டேஜை 100 கிலோஓம், 22 கிலோஓம் டிவைடர் வழியாக, 1.1 வோல்ட் உள் ரெஃபரன்ஸில் அளக்கிறேன். பெருக்கும் எண் முழு எண்ணாக வரவில்லையே?

முதலில் அந்த 1.1-ஐ நம்ப வேண்டாம். டேட்டாஷீட்டே 1.0 முதல் 1.2 வரை என்றுதான் சொல்கிறது. உள் ரெஃபரன்ஸை இயக்கிவிட்டு ஏரெஃப் பின்னில் மீட்டர் வைத்துப் பாருங்கள். உங்கள் சிப்பில் 1.083 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு படிக்கு 1083/1024 × 122/22 = 5.86497 மில்லிவோல்ட்.

இதை 65536-ஆல் பெருக்கி முழுமையாக்கினால் 384367. நிரலில் இந்த எண்ணால் பெருக்கிவிட்டு 16 பிட் வலப்புறம் தள்ளினால் போதும்:

```c
uint16_t mv = (raw * 384367UL + 32768UL) >> 16;
```

இடம் போதுமா என்று எப்போதும் மிகப்பெரிய உள்ளீட்டை வைத்துப் பாருங்கள். 1023 × 384367 என்பது சுமார் 39.3 கோடி, 32 பிட் 429 கோடி வரை தாங்கும். `raw` 650 வந்தால் விடை 3812, கால்குலேட்டரில் 3812.23. பிழை அரை மில்லிவோல்ட்டுக்குள்.

ஏன் 16, ஏன் 13 இல்லை? இந்தச் சிப்பில் ஒரு கட்டளைக்கு ஒரு பிட்தான் நகரும். 32 பிட் எண்ணை 13 இடம் தள்ள நிறையக் கட்டளைகள் வேண்டும். 16 என்றால் மேல் இரண்டு பைட்டை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. இடம் இருந்தால் 8 அல்லது 16-ஐயே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: நொடிக்கு ஒரு முறைதான் படிக்கிறேன். ஃப்ளோட்டே போட்டுவிட்டால் என்ன?

வேகத்தைப் பொறுத்தவரை தாராளமாகப் போடலாம். ஃபிளாஷில் கொஞ்சம் இடம் போகும், அவ்வளவுதான். ஆனால் `sprintf`-இல் `%f` போட்டால் எண்ணுக்குப் பதில் `?` வரும்; அந்த வசதி இயல்பாக இணைக்கப்படுவதில்லை.

கேள்வி: டிஎம்பி36 சென்சாரில் சுழியத்துக்குக் கீழே போனால் `0.-5` என்று அச்சாகிறது!

`t / 10`, `t % 10` என்று அப்படியே அச்சிடுகிறீர்கள். `t` -5 ஆக இருந்தால் ஈவு 0, மீதி -5. ஈவில் குறி காணாமல் போய், மீதியில் ஒட்டிக்கொள்கிறது. குறியைத் தனியே பிரித்துவிடுங்கள்:

```c
uint16_t a = t < 0 ? -t : t;
sprintf(s, "%s%u.%u", t < 0 ? "-" : "", a / 10, a % 10);
```

அப்புறம், இந்தச் சென்சார் 0 டிகிரியில் 500 மில்லிவோல்ட் தரும், -40-இல்கூட 100 தரும். அதனால் பெருக்குவது, தள்ளுவது எல்லாவற்றையும் குறியில்லாத எண்ணிலேயே முடித்து, 500-ஐக் கடைசியில் `int16_t`-இல் கழியுங்கள். முதலிலேயே கழித்தால் எதிர்ம எண்ணை வகுக்க வேண்டிவரும். C-இல் `/` சுழியத்தை நோக்கி வெட்டும். `>>` ஜிசிசியில் கீழ்நோக்கி வெட்டும். ஒன்றை மாற்றி இன்னொன்றை எழுதினால் சுழியத்துக்குக் கீழே மட்டும் விடை ஒரு படி மாறும், காரணம் தேடி அலைவீர்கள்.