டிடி அசலா போலியா? பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: மதுரையில் உள்ள என் வீட்டை 62 லட்சம் ரூபாய்க்கு விற்கிறேன். முன்பணம் 5 லட்சம் ஏற்கெனவே என் கணக்குக்கு வந்துவிட்டது. மீதியில் 40 லட்சத்துக்கு வீட்டுக்கடன் தரும் வங்கியின் பேங்கர்ஸ் செக்கும், மற்றதுக்கு டிடியும் பத்திரப்பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் தருவதாக வாங்குபவர் சொல்கிறார். டிடியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பார்க்க அசல் போலத்தான் இருக்கிறது. அது உண்மையானதுதானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிடியைக் கொடுத்த வங்கியின் கணக்கில் அதே எண், அதே தொகை, அதே தேதி, உங்கள் பெயர், இன்னும் பணமாக்கப்படாத நிலை, இந்த ஐந்தும் ஒத்துப்போகிறதா என்று அந்த வங்கியிலேயே பாருங்கள். அதற்குப் பிறகு பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த வரிசையில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. பணம் வராவிட்டால் பத்திரம் செல்லாது என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படி இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவு, கொடுத்த விலைக்கு மட்டுமல்ல, கொடுப்பதாக வாக்களித்த விலைக்கும் விற்பனை நடக்கலாம் என்கிறது. முழுப் பணம் வரவில்லை என்பதற்காக மட்டும் பதிவான கிரயப் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2020-ல் தாஹிபென் வழக்கில் சொல்லியிருக்கிறது. பாக்கிப் பணத்துக்காக வழக்குப் போடலாம், அந்தப் பாக்கிக்குச் சொத்தைப் பிணையாகக் கோரலாம். ஆனால் வீடு கைமாறிப் போயிருக்கும். போதாக்குறைக்கு, 'கிரயத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

சரி, உங்கள் கணக்கை முதலில் பார்ப்போம். விலை 50 லட்சத்துக்குக் குறையாததால், வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும் (நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன்). அது 62,000 ரூபாய். முன்பணம் 5 லட்சத்தையும் இதையும் கழித்தால் 56,38,000 வருகிறது. அதில் 40 லட்சம் பேங்கர்ஸ் செக் போக, டிடியின் தொகை 16,38,000 ஆக இருக்க வேண்டும். முன்பணம் தரும்போதே டிடிஎஸ் பிடித்திருந்தால் அதற்கேற்ப இந்தத் தொகை மாறும். எதுவானாலும், டிடியில் என்ன தொகை இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது ஏன் முக்கியம் என்பது கீழே புரியும்.

ஏமாற்று இரண்டு விதமாக வரும். ஒன்று, காகிதமே போலி. வண்ணப் பிரின்டரில் அடித்து, ஒரு ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொண்டுவருவார்கள். இதைக் கண்ணால் ஓரளவு பிடித்துவிடலாம். இப்போது வங்கிகள் தரும் காசோலையும் டிடியும் சிடிஎஸ்-2010 என்ற தரத்தில் அச்சாகின்றன. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தாளுக்கு உள்ளே 'சிடிஎஸ் இந்தியா' என்ற நீரோட்டக் குறி தெரியும். ஜெராக்ஸ் எடுத்தால் நகலில் 'வாய்டு' என்ற சொல் எழும்பும். புற ஊதா விளக்கில் வங்கியின் சின்னம் ஒளிரும். அடியில் உள்ள காந்த மை வரிசையின் முதல் ஆறு இலக்கம் டிடி எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அதையடுத்த ஒன்பது இலக்கத்தில் முதல் மூன்று ஊரைக் குறிக்கும். மதுரைக்கு 625, சென்னைக்கு 600. முகத்தில் ஓர் ஊரின் கிளைப் பெயரும் அடியில் வேறோர் ஊரின் எண்ணும் இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

இன்னும் ஒன்று: 2018 செப்டம்பர் 15 முதல் டிடி, பேங்கர்ஸ் செக், பே ஆர்டர் எல்லாவற்றிலும், வங்கியில் அதை எடுத்தவரின் பெயரையும் முகத்திலேயே அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் டிடியில் அந்த இடத்தில் உங்களிடம் வீடு வாங்குபவரின் பெயர் இருக்கிறதா? சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் பெயர் இருந்தால், அவர் யார், ஏன் அவர் பணம் தருகிறார் என்று கேட்காமல் விடாதீர்கள். தேதியையும் பாருங்கள், டிடி மூன்று மாதம்தான் செல்லும்.

வாட்ஸ்அப் போட்டோவில் இந்தக் காகிதச் சோதனை எதையும் செய்ய முடியாது. அதிலிருந்து கிடைப்பது எண்ணும் பெயரும் தேதியும் மட்டும்தான்.

இரண்டாவது வகைதான் எனக்குப் பயம் தருவது. காகிதம் அசல், கையெழுத்து அசல், எண்ணும் அசல், ஆனால் தொகை மட்டும் திருத்தப்பட்டது. என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் கையில் வாங்கிய டிடியைப் பதிவுக்கு முந்தைய நாள் அந்த வங்கிக் கிளைக்கு எடுத்துப் போனார், நானும் கூடப் போயிருந்தேன். கவுண்ட்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம டிடிதான் சார், இருக்கு" என்றார். நண்பருக்கு முகம் மலர்ந்துவிட்டது, கிளம்பத் தயாராகிவிட்டார். தொகை எவ்வளவு என்று கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். திரையில் இருந்தது சில ஆயிரம், தாளில் இருந்தது பல லட்சம். தாளைச் சாய்த்துப் பிடித்தபோதுதான், எழுத்தால் தொகை எழுதியிருந்த இடத்தில் பின்னணிக் கோலம் வெளிறிப் போயிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. மருந்து போட்டு அழித்து, மேலே மறுபடி அச்சடித்திருக்கிறார்கள்.

அதனால் 'இந்த எண் உங்களுடையதா' என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். தொகையை நீங்கள் சொல்லி 'சரியா' என்றும் கேட்காதீர்கள், அவசரத்தில் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். அவர்கள் திரையில் இருப்பதை அவர்கள் வாயால் படிக்கட்டும், நீங்கள் எழுதி வைத்த 16,38,000-ஓடு ஒத்துப் பாருங்கள்.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். டிடியில் அச்சிட்ட போன் எண்ணையோ, வாங்குபவர் கொடுத்த மேலாளர் எண்ணையோ அழைக்காதீர்கள். போலி டிடி அடிக்கிறவருக்குப் போலி எண் போடுவது பெரிய வேலையில்லை, எதிர்முனையில் 'மேலாளர்' பேசுவார். வங்கியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் கிளையின் முகவரியை எடுத்து நேரில் போங்கள். கோர் பேங்கிங் வந்தபிறகு, வெளியூர்க் கிளை கொடுத்த டிடியையும் அதே வங்கியின் உள்ளூர்க் கிளையில் பார்க்க முடியும். போனில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், வாடிக்கையாளர் ரகசியம் என்பார்கள். அது நியாயம்தான். நேரில் போனாலும் சில கிளைகள் தயங்கும். அதற்கு ஒரே வழி, டிடி எடுத்தவரையும் கூட அழைத்துப் போவது. தன் டிடியைப் பற்றி அவரே கேட்கும்போது மறுக்கக் காரணம் இருக்காது.

இங்கே ஒரு சிக்கல் வரும். 'பதிவு ஆகாமல் அசல் டிடியை எப்படி உங்கள் கையில் தருவது' என்று வாங்குபவர் கேட்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நகலை மட்டும் சரிபார்த்துவிட்டு வந்தால், அவர் அன்றே அசலைக் கிளையில் ஒப்படைத்து டிடியை ரத்து செய்து, பணத்தைத் தன் கணக்குக்கே திருப்பிக்கொள்ள முடியும். நேற்று சரியாக இருந்தது இன்று வெறும் தாள். இருவருக்கும் ஒத்துவருவது இதுதான்: பதிவு அன்று காலையில் இருவரும் கிளையில் சந்தியுங்கள். முடிந்தால் டிடியை அப்போதே, உங்கள் கண் முன்னே எடுக்கட்டும். ஏற்கெனவே எடுத்துவிட்டால் அங்கேயே சரிபாருங்கள். அப்புறம் ஒரே வண்டியில் நேராகச் சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். சரிபார்த்த தாளும் கையில் வாங்கும் தாளும் ஒன்றுதானா என்று எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

40 லட்சம் பேங்கர்ஸ் செக்கில் ஆபத்து கொஞ்சம் குறைவு, ஏனென்றால் கடன் தரும் வங்கிக்கு உங்கள் பத்திரம் பிணையாக வேண்டும். வழக்கமாக அந்த வங்கியின் ஆளே செக்கோடு பதிவுக்கு வந்து, பதிவு முடிந்ததும் தருவார். ஆனாலும் வந்திருப்பவர் உண்மையில் வங்கியின் ஆள்தானா என்பதையும், இன்ன எண், இன்ன தொகைக்குச் செக் தயாராகிவிட்டதா என்பதையும் முந்தைய நாளே கடன் கிளைக்குப் போய்க் கேட்டுவிடுங்கள்.

எனக்கு முடிவு செய்யும் உரிமை இருந்தால், அந்த 16,38,000-ஐ டிடியாக வாங்கவே மாட்டேன். ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதல் நாள் முழுக்க, ஆண்டு முழுக்க இயங்குகிறது, குறைந்தபட்சத் தொகை 2 லட்சம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்தபடியே அவர் அனுப்பலாம், சாதாரணமாக அரை மணிக்குள் உங்கள் கணக்கில் ஏறிவிடும். அவர் போனில் காட்டும் 'வெற்றி' ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் வங்கி ஆப்பில் இருப்பைப் பாருங்கள். பத்திரத்தில் டிடி எண்ணுக்குப் பதில், அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் யுடிஆர் எண்ணை எழுதிக்கொள்ளலாம். அவருடைய மொபைல் பேங்கிங் வரம்பு போதாவிட்டால் முந்தைய நாளே கிளையில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

டிடிதான் வேண்டும் என்று அவர் நின்றால், ஏன் என்று கேளுங்கள். உண்மையான காரணமும் இருக்கலாம், பத்திரத்தில் எண் போட வசதி என்று பத்திர எழுத்தர்கள் சிலர் சொல்வார்கள். அப்படியானால் கிளைக்குக் கூட வரத் தயங்க மாட்டார். கிளைக்கு வர நேரமில்லை, ஆனால் பதிவு மட்டும் இன்றே ஆக வேண்டும் என்று அவசரப்படுத்தினால், தேதியைத் தள்ளிவையுங்கள். டோக்கன் வீணாகிறது, முத்திரைத் தாள் வாங்கியாயிற்று என்பதற்காகக் கையெழுத்துப் போட வேண்டாம். டோக்கனை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம்.