ஒரே விலையில் லாபம் கூடுவது எப்படி?

"டிக்கெட் விலை P, அளவு Q. தேவை: பெரியவர்கள் P = 100 − Q, மாணவர்கள் P = 60 − Q, இறுதிநிலைச் செலவு 20. தனித்தனி விலையில் லாபம் 2000, ஒரே விலையில் 2450 வருகிறது. எங்கே தவறு?"

2000 சரிதான். பெரியவர்களுக்கு இறுதிநிலை வருவாயை இறுதிநிலைச் செலவுக்குச் சமமாக்கினால் 100 − 2Q = 20, அதனால் 40 டிக்கெட், விலை 60; மாணவர்களுக்கு 20 டிக்கெட், விலை 40. லாபம் 1600 + 400.

2450 வந்ததற்குக் காரணம், நீங்கள் விலைகளைக் கூட்டி P = 160 − 2Q என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் Q = 35, விலை 90 வரும், ஆனால் 90 ரூபாய்க்கு மாணவர் ஒருவரும் வாங்க மாட்டார், பெரியவர்களும் 10 டிக்கெட்தான் வாங்குவார்கள், அப்புறம் 35 எப்படி விற்கும்? கூட்ட வேண்டியது அளவுகளை: Q = (100 − P) + (60 − P) = 160 − 2P. இப்போது (P − 20)(160 − 2P) உச்சம் தொடுவது P = 50இல்; 60 டிக்கெட், லாபம் 1800.

இன்னொன்றையும் பாருங்கள்: மாணவர்களை விட்டுவிட்டு விலை 60 வைத்தால் லாபம் 1600தான், அதனால் விலை 50 நிற்கிறது. மாணவர் தேவை P = 40 − Q ஆக இருந்தால் இதே வழியில் விலை 45 வரும், மாணவர் அளவு −5 ஆகிவிடும்; அப்போது 60தான் விடை.

தனித்தனி விலையிலும் மொத்தம் அதே 60 டிக்கெட்தான், கூடுதல் 200 லாபம் பெரியவர்களுக்கு 10 டிக்கெட் குறைத்து மாணவர்களுக்கு 10 டிக்கெட் கூட்டியதில் வருகிறது.